இரண்டு நாள் யாரும் எடுக்காத அலர்ட்: வியாழக்கிழமை கூட்டத்தில் என்ன கேட்பது?

கொடிவேரி · மார்ச் 9, திங்கள், இரவு 10.40

ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். மளிகை மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள். நேற்று ஞாயிறு இரவு 7.20க்கு எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நின்றுவிட்டது. டிஸ்க் நிரம்பிவிட்டது. திரும்ப எழுப்ப ஒரு மணி 40 நிமிடம் ஆனது. தரவு எதுவும் போகவில்லை, அது அதிர்ஷ்டம்.

காரணம் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் வால் கோப்புகளை வெளியே அனுப்பும் `archive_command` வெள்ளி மாலை 6.40 முதல் தோற்றுக்கொண்டிருந்தது. ஸ்டோரேஜின் சாவி செல்லாமல் போயிருந்தது. வெளியே போகாத கோப்பை போஸ்ட்கிரெஸ் அழிக்காது, வைத்துக்கொண்டே இருக்கும். அப்படி இரண்டு நாளில் 180 ஜிபி சேர்ந்துவிட்டது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அலர்ட் வந்திருக்கிறது. வெள்ளி 6.55க்கே எங்கள் ஸ்லாக் சேனலில் வந்துவிட்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப, மொத்தம் 13 தடவை. கடைசித் தடவை ஞாயிறு 6.55. அதற்கு 25 நிமிடம் கழித்து எல்லாம் நின்றது.

வியாழன் காலை கூட்டம். நடத்தச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மேனேஜர் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் மூன்றே வரி: யார் பொறுப்பு, ஏன் பார்க்கவில்லை, இனி நடக்காமலிருக்க என்ன நடவடிக்கை. இதை வைத்து நடத்தினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் உண்மை பேச மாட்டார்கள். யாரையும் குற்றம் சொல்லாமல், ஆனால் மழுப்பலும் இல்லாமல், என்ன வரிசையில் என்ன கேள்வி கேட்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செல்போன் வைத்தியர் · மார்ச் 9, இரவு 11.05

ஸ்லாக்கில் அந்தச் சேனலைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தொட்டால் நோட்டிஃபிகேஷன் என்று வரும். எல்லா மெசேஜுக்கும் என்று மாற்றுங்கள். போன் பேட்டரி சேவரில் இருந்தால் ஸ்லாக்குக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். நிறைய பேருக்கு இதுதான் பிரச்சினை.

கொடிவேரி · மார்ச் 9, இரவு 11.20

நன்றி, ஆனால் நான் கேட்டது அது இல்லை. தவிர, அந்தச் சேனலில் இந்த வாரயிறுதியில் வந்தவை 611 மெசேஜ். சத்தம் போட வைத்தால் என் மனைவி போனை வாய்க்காலில் போட்டுவிடுவாள்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு · மார்ச் 10, செவ்வாய், காலை 7.10

நான் மென்பொருள் ஆள் இல்லை. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 19 வருடம். எங்களிடம் ஐந்து ஏன் உண்டு. ஏன் நின்றது? டிஸ்க் நிறைந்தது. ஏன் நிறைந்தது? கோப்பு போகவில்லை. ஏன்? சாவி செல்லவில்லை. ஏன்? காலாவதி. ஏன்? யாரும் புதுப்பிக்கவில்லை. முடிந்தது, மூலக் காரணம் கிடைத்துவிட்டது. அரை மணி நேரக் கூட்டம் போதும். ஒன்று மட்டும், கூட்டத்தை ஏசி அறையில் வைக்காதீர்கள். சம்பவம் நடந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள்.

ராத்திரி ஷிப்ட் · மார்ச் 10, காலை 9.30

ஓசூர் சாருக்கு: கடைசி வரி தங்கம். முன்னால் சொன்னதில் பாதிதான் சரி. நீங்கள் போன வழி ஒரே கோடு. அந்தக் கோட்டில் அலர்ட்டே வரவில்லை, கவனித்தீர்களா? சாவி காலாவதியானது வெள்ளி மாலை ஐந்து நிமிடச் சமாச்சாரம். அதற்கப்புறம் 48 மணி நேரம் இருந்தது, 13 மெசேஜ் இருந்தது, ஒன்பது பேர் இருந்தார்கள். அந்த 48 மணி நேரம்தான் கூட்டத்தின் பொருள். இன்னொன்று, ஐந்தாவது ஏன் எப்போதும் ஒரு ஆள்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்களுடையதும் "யாரும் புதுப்பிக்கவில்லை" என்றுதான் முடிந்திருக்கிறது.

கொடிவேரிக்கு: கூட்டம் வியாழன் என்றால் வேலை இன்றே தொடங்குகிறது. மூன்று இடத்திலிருந்து நேரம் எடுங்கள்: ஸ்லாக் சேனல், போஸ்ட்கிரெஸ் லாக், அலர்ட்டுகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரில் அவற்றை வாயடைக்க யார் எப்போது சைலன்ஸ் போட்டார்கள் என்ற பட்டியல். சைலன்ஸை மறக்காதீர்கள், அது முடிந்த ஐந்தாவது நாள் தானே அழிந்துவிடும், அதுதான் வழக்கமான அமைப்பு. இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனியாக 20 நிமிடம் பேசுங்கள். கூட்டத்தில் முதல்முறையாகக் கேட்டால் "சாரி சார், என் தப்புதான்" என்று வரும். கேட்கிறவருக்கு அது பணிவாகத் தெரியும், உண்மையில் அது கதவைச் சாத்துவது. தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்ட ஆளிடம் மேலே ஒன்றும் கேட்க முடியாது.

கொடிவேரி · மார்ச் 10, மதியம் 1.15

சைலன்ஸ் பட்டியல் எடுத்துவிட்டேன். முதலில் எழுதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்லாவிட்டால் இந்த இழையே பொய்யாகிவிடும்.

வார்னிங் அலர்ட்டுகள் ஸ்லாக்குக்குப் போகும், கிரிட்டிக்கல் மட்டும் போனை அடிக்கும். டிஸ்க்கில் காலியிடம் 50 ஜிபிக்குக் கீழ் வந்தால் கிரிட்டிக்கல். மணிக்கு சுமார் 3.7 ஜிபி வீதம் சேர்ந்தது, அதாவது ஞாயிறு விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் நிற்க இன்னும் பதின்மூன்றரை மணி நேரம் இருந்தது, காபி குடித்துவிட்டே சரிசெய்திருக்கலாம். அடிக்கவில்லை. ஏன் என்றால் இது:

```
amtool silence add instance="db1:9100" -d 72h -c "backfill"
```

வெள்ளி மாலை 5.10. போட்டது நான்.

கொடிவேரி · மார்ச் 10, மதியம் 1.40

இன்னும் கொஞ்சம். பழைய பில்களுக்கு ஒரு புது நெடுவரிசை நிரப்பும் வேலை வாரயிறுதி முழுக்க ஓடுவதாக இருந்தது. அது டிஸ்க்கைப் போட்டு அடிக்கும், லோடு அலர்ட்டுகள் விடிய விடிய வரும். போன வருடம் அப்படி ஒரு வேலையின்போது ராத்திரி 2 மணிக்கு ஒருவரை நான்கு தடவை எழுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் கையேட்டிலேயே ஒரு வரி ஏறியது: பெரிய வேலைக்கு முன் அந்த மெஷினுக்கு சைலன்ஸ் போடவும். நான் கையேட்டைத்தான் பின்பற்றினேன். ஆனால் 9100 என்பது அந்த மெஷினின் எல்லாவற்றையும் அளக்கும் போர்ட், டிஸ்க் உட்பட. போஸ்ட்கிரெஸ் அலர்ட் 9187லிருந்து வருவதால் அது தப்பித்து ஸ்லாக்குக்கு வந்தது. ஆக, தொந்தரவு செய்யாத அலர்ட் வந்துகொண்டே இருந்தது, எழுப்பவேண்டிய அலர்ட் வாயடைத்துக் கிடந்தது.

அந்த நிரப்பும் வேலைதான் வால் கோப்புகளையும் பெருக்கியிருக்கிறது. சாதாரண வாரயிறுதியில் மணிக்கு ஒரு ஜிபிதான். அப்படியிருந்தால் திங்கள் காலை யாராவது பார்த்திருப்போம், இந்த இழையும் இருந்திருக்காது.

ராத்திரி ஷிப்ட் · மார்ச் 10, மதியம் 2.05

அப்படியானால் நீங்கள் கூட்டத்தை நடத்தக் கூடாது.

தப்புச் செய்தீர்கள் என்பதற்காக இல்லை. நீங்கள் சாட்சி. சாட்சியே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். நீங்களும் உங்களை அறியாமல் ஒன்று உங்களைக் காப்பாற்றுவீர்கள், இல்லை தியாகி ஆவீர்கள். இரண்டும் கூட்டத்துக்கு ஆகாது. பக்கத்து டீமில் டேட்டாபேஸ் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். தெரியாதவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் நல்ல கேள்வி.

கொடிவேரி · மார்ச் 10, மாலை 6.30

சப்போர்ட் டீமில் ஒரு அக்கா ஒப்புக்கொண்டார். ஞாயிறு இரவு வியாபாரிகளின் திட்டு முழுவதையும் வாங்கியவர் அவர்தான். "எனக்கு வால்னா நாய் வால்தான் தெரியும், பரவாயில்லையா?" என்றார். சரி என்றேன்.

ஐசியூ சிஸ்டர் · மார்ச் 10, இரவு 11.50

டியூட்டி முடிந்து படிக்கிறேன். உங்கள் கணினி பாஷை பாதி புரியவில்லை, 611 மட்டும் நன்றாகப் புரிந்தது. எங்கள் வார்டில் மானிட்டர் அலாரம் அப்படித்தான். நோயாளி திரும்பிப் படுத்தால் அடிக்கும், விரலில் மாட்டியது கழன்றால் அடிக்கும், நெஞ்சில் ஒட்டிய பட்டை வியர்வையில் நழுவினால் அடிக்கும். ஒருநாள் நிஜமாகவே ஒருவருக்கு ஆக்சிஜன் இறங்கியபோது அலாரம் அடித்தபடிதான் இருந்தது. நான் அடுத்த படுக்கையில் இருந்தேன். கேட்டது. "கேட்டதா?" என்று கேட்டால் கேட்டது என்றுதான் சொல்வேன். அந்த நேரத்தில் எனக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. அவர் பிழைத்தார்.

விசாரணையில் பெரிய டாக்டர் "உங்க காதுல என்ன இருந்தது?" என்றார். நான் அழுதேன். அதோடு விசாரணை முடிந்தது. ஆறு மாதம் கழித்து வேறு ஒரு சீனியர் சிஸ்டர் வந்து, "ஒரு ஷிப்டுல எத்தனை தடவை அடிக்குது, அதுல எத்தனை தடவை ஓடிப்போய் ஏதாவது செய்யிறீங்க?" என்று கேட்டார். எண்ணினோம். அதற்குப் பிறகுதான் ஒட்டுப்பட்டையைத் தினமும் காலையில் மாற்றும் வழக்கம் வந்தது, பொய் அலாரம் நன்றாகக் குறைந்தது. முதலாவது கேள்வி என்னைப் பற்றி, இரண்டாவது அலாரத்தைப் பற்றி. வேறு என்ன சொல்ல.

கொடிவேரி · மார்ச் 11, புதன், காலை 6.45

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த எண்ணிக்கையை நாங்களும் எடுக்கிறோம்.

கொடிவேரி · மார்ச் 11, காலை 11.00

எடுத்தாயிற்று. முதலில் என் கணக்கைத் திருத்த வேண்டும். 611ல் 270 "சரியாகிவிட்டது" என்று வரும் மெசேஜ்கள். அடித்தவை 341. அவற்றில் யாராவது கை வைக்கவேண்டியிருந்தவை எத்தனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நம்முடைய 13ஐத் தவிர வேறு நான்கு. மீதி எல்லாம் தானாக வந்து தானாகப் போனவை.

அலர்ட் எப்படி இருந்தது என்றும் பாருங்கள்:

```
[FIRING:1] PgArchiveFailing (db1:9187 postgres warning)
```

இவ்வளவுதான். டிஸ்க் நிரம்பும் என்றோ, இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்றோ, என்ன செய்வது என்றோ ஒரு சொல் இல்லை. இதற்கு மேலேயும் கீழேயும் இதே மாதிரி வரி வரியாக.

பைப்லைன் பையன் · மார்ச் 11, மதியம் 12.20

சிம்பிள். `pg_stat_archiver`ல் தோற்ற தடவைகளை எண்ணும் `failed_count` பூஜ்யத்துக்கு மேல் போனால் கிரிட்டிக்கல் என்று வைத்துவிடுங்கள். கூட்டமே வேண்டாம்.

ராத்திரி ஷிப்ட் · மார்ச் 11, மதியம் 12.55

தம்பி, அந்த எண் ஏறும், தானாக இறங்காது. ஒருமுறை நெட்வொர்க் தும்மினால் அப்புறம் யாராவது ரீசெட் பண்ணும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த மாதம் அதற்கும் ஒரு 72 மணி நேர சைலன்ஸ் விழும். அனுப்பக் காத்திருக்கும் கோப்புகளை எண்ணுவது மேல். `pg_wal/archive_status`ல் `.ready` என்று முடிபவை. கடைசியாக எப்போது வெற்றிகரமாகப் போனது என்றும் பார்க்கலாம், ஆனால் யாரும் பில் போடாத ராத்திரியில் அது பொய் சொல்லும்.

ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் வரவேண்டிய பேச்சு. முதலிலேயே தீர்வு பேசினால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இன்ஜினியர்களுக்கு மனிதர்களைப் பற்றிப் பேசுவதைவிட அது சுகம்.

கொடிவேரி · மார்ச் 11, மாலை 4.10

நாளைக்கு என் வரைவு இது. திட்டலாம்.

மொத்தம் 75 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் சப்போர்ட் அக்கா பேசுவார்: இங்கே பேசுவது யாருடைய அப்ரைசலுக்கும் போகாது, மேனேஜரே அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த 30 நிமிடம் நேரவரிசை மட்டும், வெள்ளி 5.10லிருந்து ஞாயிறு இரவு 9 வரை. கருத்து, தீர்வு எதற்கும் அங்கே இடமில்லை. பிறகு 25 நிமிடம் கேள்விகள். கடைசி 15 நிமிடம் என்ன மாற்றுவது, யார், எந்தத் தேதிக்குள்.

நேரவரிசையை இரண்டு பத்தியாகப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் நடந்தது. வலது பக்கம் அந்த நிமிடத்தில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது. இடதில் "சாவி செத்தது, 6.40" என்று இருக்கிறது. வலதில் அதே நேரத்துக்கு நேராக ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதே பாதிக் கோபம் போய்விடுகிறது.

கேள்விகளில் "ஏன்" எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். "ஏன் பார்க்கல" என்பது நம் வீட்டில் கேள்வியே இல்லை, திட்டு. அதற்குப் பதிலாக: அந்த மெசேஜ் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், எந்தத் திரையில் பார்த்தீர்கள்? அதில் என்ன எழுதியிருந்தது, அதை என்னவென்று எடுத்துக்கொண்டீர்கள்? இதற்கு முன் இதே மாதிரி அலர்ட் வந்தபோது என்ன ஆனது? இதை வேறு யாராவது கவனிக்கிறார்கள் என்று நினைக்க ஏதாவது காரணம் இருந்ததா? நீங்கள் கை வைத்திருக்க வேண்டுமென்றால் திரையில் வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ராத்திரி ஷிப்ட் · மார்ச் 11, மாலை 5.00

நன்றாக வந்திருக்கிறது. கடைசிக் கேள்வியை மட்டும் தள்ளிப்போடுங்கள், அது தீர்வு கேட்கிறது. இன்னொன்றைச் சேருங்கள்: ஞாயிறு ராத்திரி எது சரியாக நடந்தது? 180 ஜிபி வால் கோப்புகளைக் கண்டதும் கையால் அழிக்காமல் டிஸ்க்கைப் பெரிதாக்கியது யார், அது அவருக்கு எப்படித் தெரியும்? அழித்திருந்தால் தரவு போயிருக்கும். அந்த அறிவு ஒரே ஒருவர் தலையில்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

மேனேஜர் மசியவில்லை என்றால் இரண்டு கதை சொல்லுங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்கள் சிஸ்டம் 97 மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, அவற்றை வந்தவுடன் படிக்கும் வழக்கமும் அங்கே இல்லை. இரண்டாவது, 2017 ஜனவரி 31, கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம். பேக்கப் தோற்கிறது என்று மின்னஞ்சல் கிளம்பியது, ஆனால் டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பு அந்த மெயில்களுக்கு இயக்கப்படாததால் ஏற்கப்படாமலே போனது. பேக்கப் இல்லை என்பதே தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். இரண்டிலும் "கவனக்குறைவான ஒரு ஆள்" என்று தேடினால் என்ன கிடைக்கும் என்று அவரிடம் கேளுங்கள்.

ஓசூர் தரக்கட்டுப்பாடு · மார்ச் 11, இரவு 8.15

எல்லாம் சரி. யாருமே பொறுப்பில்லை என்றால் நாளைக்கு யார் பயப்படுவான்? எங்கள் லைனில் ஒருவன் மூன்று தடவை அதே தப்பைச் செய்தால் அவனைக் கூப்பிட்டுப் பேசத்தான் வேண்டும். குற்றம் சொல்லாத கூட்டம் என்று பெயர் வைத்து எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போகிற கூட்டங்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி ஷிப்ட் · மார்ச் 11, இரவு 9.00

மூன்று தடவை என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அது வேறு அறை, வேறு நாள். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் முதலில் சாவது உண்மை. டீ குடிக்கும் கூட்டம் பற்றிச் சொன்னது நியாயம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கொடிவேரி · மார்ச் 12, வியாழன், இரவு 9.30

கூட்டம் முடிந்தது. 75 என்று போட்டது 110 நிமிடம் ஆனது. களைப்பு. நாளை எழுதுகிறேன். ஒரு குறிப்பு மட்டும்: எல்லாம் ஒரு எமோஜியில் இருந்திருக்கிறது.

கொடிவேரி · மார்ச் 13, வெள்ளி, மாலை 7.20

ஆரம்பம் மோசம். நேரவரிசை தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் நானே "சைலன்ஸ் போட்டது என் தப்பு" என்று சொல்லிவிட்டேன். எச்சரித்தும் வந்துவிட்டது. சப்போர்ட் அக்கா ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "72 மணி நேரம்னு எங்கேருந்து வந்தது?" என்றார். வேலை திங்கள் வரை ஓடும் என்பதால் என்றேன். "அப்ப அந்த மெஷினைப் பத்தி என்னென்ன அலர்ட் வாயடைக்கும்னு எங்க பார்ப்பீங்க?" எங்கேயும் பார்க்க முடியாது என்றேன். சைலன்ஸை வலைப்பக்கத்தில் போட்டால்கூட, இப்போது அடித்துக்கொண்டிருக்கும் அலர்ட்டில் எது மறையும் என்று காட்டும், இனி வரப்போவதைக் காட்டாது. இதைச் சொல்லி முடித்தபோது என் குரல் சாதாரணமாகிவிட்டது.

சாவி கதை சீக்கிரம் முடிந்தது. 90 நாளில் தானாகச் செயலிழக்கும், முன்கூட்டியே நினைவூட்டல் வரும். அது வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது.

சனிக்கிழமை வந்ததும் அறை அமைதியானது. காலை 10.55 மெசேஜின் அடியில் இரண்டு கண் எமோஜி ஒன்று இருந்தது. போட்டவர் ஜனவரியில் சேர்ந்த தம்பி. தனியாகப் பேசியபோது இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா கேட்டார்: "தம்பி, இந்தக் கண்ணைப் போடறப்ப மனசுல என்ன இருந்தது?"

"பார்த்தேன்னு சொல்ல போட்டேன்க்கா. எனக்குப் புரியலை. ஆனா படிக்காம விட்டுட்டேன்னு யாரும் நினைக்கக் கூடாதுன்னு."

பிறகு எங்கள் சீனியர் வாயைத் திறந்தார். அவர் அன்று கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பந்தியில் உட்கார்ந்தபடி போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். அலர்ட் அவருக்கு நன்றாகப் புரிந்தது, அறையில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய இருவரில் அவர் ஒருவர். எழுந்து லேப்டாப் எடுக்க நினைத்தாராம். கண்ணைப் பார்த்தார். "தம்பி பார்க்கிறான்னு நினைச்சேன். சந்தோஷமாகூட இருந்தது, பையன் தேறிட்டான்னு."

ஒருவர் "பார்த்தேன்" என்று போட்டதை இன்னொருவர் "பார்த்துக்கிறேன்" என்று படித்திருக்கிறார். அதன் பிறகு வந்த எட்டு மெசேஜிலும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் எல்லோர் மனதிலும் அது எடுக்கப்பட்டுவிட்ட அலர்ட். மேனேஜர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தானும் அந்தக் கண்ணைப் பார்த்ததாகச் சொன்னார்.

கொடிவேரி · மார்ச் 13, மாலை 7.45

திருத்தம்: அதன் பிறகு எட்டு இல்லை. சனி 10.55 என்பது ஐந்தாவது. ஐந்து போக எட்டு. சரிதான், எட்டுதான். எண்ணி எண்ணிப் பார்த்து என் கணக்கின் மீதே நம்பிக்கை போய்விட்டது.

ஐசியூ சிஸ்டர் · மார்ச் 13, இரவு 10.10

எங்களிடமும் இதே. "பார்த்தாச்சு சிஸ்டர்" என்றால் மருந்து கொடுத்தாச்சு என்று அர்த்தமா, சீட்டைப் பார்த்தாச்சு என்று அர்த்தமா என்று இன்னொரு தடவை கேட்காமல் நான் நகர்வதில்லை.

ராத்திரி ஷிப்ட் · மார்ச் 14, சனி, காலை 8.00

"ஏன் பார்க்கல" என்று கேட்டிருந்தால் அந்தப் பையன் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கவே மாட்டான். பார்த்ததற்கு அதுதானே சாட்சி. என்னென்ன முடிவு எடுத்தீர்கள்?

கொடிவேரி · மார்ச் 14, காலை 10.30

பதினோரு யோசனை வந்தது, நான்கைத்தான் எடுத்தோம். காத்திருக்கும் `.ready` கோப்பு 500ஐத் தாண்டி 15 நிமிடம் இருந்தால் கிரிட்டிக்கல், போன் அடிக்கும். அந்த வாரயிறுதி வேகத்தில் ஒரு கோப்பு 16 எம்பி என்றால் நிமிடத்துக்கு நான்கு சேரும், ஆக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும். அது போதும். மெசேஜிலேயே டிஸ்க் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வரும். இரண்டு, சைலன்ஸ் மெஷின் பெயரில் இல்லை, அலர்ட் பெயரில், 12 மணி நேரத்துக்கு மேல் இல்லை. கையேட்டின் அந்த வரியை நானே திருத்தினேன். மூன்று, சாவி நினைவூட்டல் குழு முகவரிக்கு. நான்கு, அலர்ட்டை எடுப்பவர் பெயரோடு "எடுத்துக்கிட்டேன்" என்று எழுத வேண்டும். கண் போடலாம், அதற்கு மதிப்பில்லை.

அந்த 341ஐ என்ன செய்வது என்பதுதான் தீரவில்லை. தானாக வந்து தானாகப் போகிற அலர்ட்டுகளை அழித்துவிடலாம் என்றார் சீனியர். ஒவ்வொன்றையும் யாரோ ஒரு காலத்தில் ஒரு காரணத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று மேனேஜர் பயப்படுகிறார். மாதம் பத்து என்று பார்க்கப் போகிறோம். அந்த வேகத்தில் எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்.

அறிக்கையில் ஆட்களின் பெயர் போடுவதா என்பதும் இழுபறி. இப்போதைக்கு "சைலன்ஸ் போட்டவர்", "சனிக்கிழமை படித்தவர்" என்று எழுதியிருக்கிறோம். ஒன்பது பேர் கம்பெனியில் இது யாரை ஏமாற்றுகிறது என்று தெரியவில்லை.

செல்போன் வைத்தியர் · மார்ச் 14, காலை 11.15

கிரிட்டிக்கல் நம்பரைப் போனில் ஃபேவரைட்டில் போட்டு, டூ நாட் டிஸ்டர்பில் ஃபேவரைட்டுக்கு அனுமதி கொடுத்தால் அப்போதும் அடிக்கும். இது உதவும்தானே?

கொடிவேரி · மார்ச் 14, காலை 11.20

இது நிஜமாகவே உதவும். சோதித்துப் பார்த்தோம், அப்படிச் செய்யாத மூன்று பேர் போனில் அடிக்கவில்லை. நன்றி தலைவரே.

கொடிவேரி · ஏப்ரல் 7, செவ்வாய், இரவு 10.00

கேட்டிருந்தவர்களுக்காக. போன சனிக்கிழமை மதியம், யாருக்கும் சொல்லாமல், மேனேஜர் அனுமதியோடு சோதனை டேட்டாபேஸின் சாவியை மாற்றி வைத்தேன். அந்த மெஷினில் எழுதுவது குறைவு என்பதால் வரம்பை 5 கோப்பு என்று இறக்கியிருந்தேன். 2.48க்குப் போன் அடித்தது. 2.54க்குத் தம்பி எழுதினான்: "எடுத்துக்கிட்டேன். டிஸ்க் 31 மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கு. சாவிதான்னு நினைக்கிறேன், பார்க்கிறேன்."

சீனியர் அதன்கீழ் இரண்டு கண் போட்டார்.